ஒரே 40%, மூன்று பொருள்: கண்டறியும் கருவிகள் தரும் எண்ணை எப்படிப் படிப்பது?

1,500 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கிலக் கட்டுரையை, எழுதியது மனிதரா, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரமா என்று சொல்லும் கருவியில் ஏற்றுகிறோம். அறிக்கையின் தலைப்பில் 40% என்று வருகிறது. அதைப் பார்க்கும் பேராசிரியர்களில் ஒருவர், இதை இயந்திரம் எழுதியிருக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர், கட்டுரையில் ஐந்தில் இரண்டு பங்கு இயந்திரத்தின் எழுத்து என்பார். மூன்றாமவர் பாதிக்குக் கீழ்தானே என்று விட்டுவிடுவார். இவர்களில் யார் சரி என்பது அந்த அறிக்கையை எந்த வகைக் கருவி கொடுத்தது என்பதைப் பொறுத்தது. ஆனால் முதலாமவர் தேடும் எண்ணை, அதாவது இந்தக் குறிப்பிட்ட கட்டுரை இயந்திரம் எழுதியதாக இருப்பதற்கான நிகழ்தகவை, எந்த வகைக் கருவியும் நேரடியாகத் தருவதில்லை. வழக்கத்தில் உள்ள மூன்று வகை எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் வகை, பங்கைச் சொல்லும் எண். எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளைத் தரும் டர்னிட்டின் நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய வசதி இந்த வகையைச் சேர்ந்தது. அது கட்டுரையில் உரைநடையாக உள்ள பகுதியை மட்டும் எடுத்து, சில நூறு சொற்கள் கொண்ட, ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் கருவிக்குள் இருக்கும், பயிற்சி பெற்ற கணினி மாதிரி படித்து, துண்டிலுள்ள வாக்கியங்களுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் இடுகிறது. ஒரே வாக்கியம் பல துண்டுகளில் வருமாதலால் அதற்குக் கிடைத்த மதிப்பெண்களின் சராசரியைக் கொண்டு, அந்த வாக்கியம் மனிதருடையதா இயந்திரத்தினுடையதா என்று முடிவு செய்யப்படுகிறது. தலைப்பில் வரும் 40% என்பது, மொத்த உரைநடையில் இயந்திரத்தினுடையது என்று முடிவான பகுதி எவ்வளவு என்பதைக் காட்டும் பங்கு மட்டுமே.

அந்த முடிவு எவ்வளவு உறுதியாக எடுக்கப்பட்டது என்பது தலைப்பில் தெரியாது. எல்லா வாக்கியங்களும் எல்லைக்கோட்டை ஒரு மயிரிழையில் தாண்டியிருந்தாலும் அறிக்கை 100% என்றே சொல்லும். கடைசிப் பத்தி ஒன்று மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இயந்திர நடையில் இருந்தால் 12% என்று வரும். இந்த இரண்டில் பின்னதுதான் வலுவான சான்றாக இருக்கவும் கூடும். முறத்தில் கல் போலத் தெரிந்தவற்றை எண்ணிச் சொல்வதும், தெரிந்தவை உண்மையிலேயே கல்தானா என்று சொல்வதும் வேறு வேறு வேலைகள். சிறிய எண்களில் பிழை மிகுதி என்று கண்டு, 20 சதவீதத்துக்குக் கீழ் வரும் எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி இடும் முறைக்கு அந்த நிறுவனமே பின்னர் மாறியது. அது நல்ல முடிவு. ஆனால் 20-க்கு மேல் காட்டப்படுவதெல்லாம் நிகழ்தகவுதான் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்திவிடுகிறது.

இரண்டாம் வகை, மாதிரியின் நம்பிக்கையைச் சொல்லும் எண். ஜிபிடிஜீரோ போன்றவை முழு ஆவணத்துக்கும் தரும் சதவீதம் இப்படிப்பட்டது. பயிற்சியின்போது மாதிரிக்கு மனிதர் எழுதிய உரைகள் ஒரு குவியலாகவும் இயந்திரம் எழுதியவை இன்னொரு குவியலாகவும் தரப்படுகின்றன. புதிய உரை வந்ததும் அது எந்தக் குவியலைப் போல இருக்கிறது என்று மாதிரி ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதை 0-க்கும் 1-க்கும் இடையில் அடங்குமாறு சுருக்குகிறது. அப்படி அடங்குவதாலேயே அது நிகழ்தகவாகிவிடாது. ஆனால் மூன்று வகைகளிலும் நிகழ்தகவின் வேடம் அச்சாகப் பொருந்துவது இதற்குத்தான் என்பதால், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான் என்பது என் கருத்து.

இந்த எண்ணை நம்புவதற்கு முன் இரண்டு சோதனைகள் உண்டு. 80% என்று மதிப்பிடப்பட்ட கட்டுரைகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, எழுதியவர் யார் என்று வேறு வழியில் தெரிந்துகொண்டு எண்ணிப் பார்க்கும்போது, அவற்றில் நூற்றுக்கு எண்பது உண்மையிலேயே இயந்திரத்தினுடையவையாக இருக்க வேண்டும். இது முதல் சோதனை. தராசுக்கு முத்திரை குத்துவதைப் போன்றது. இத்தகைய மாதிரிகளுக்கு அடித்தளமான ஆழ் நரம்பணு வலைகள் இதில் பெரும்பாலும் தேறுவதில்லை என்பதையும், தங்கள் முடிவில் தேவைக்கு மேல் உறுதி காட்டுகின்றன என்பதையும் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பயிற்சிக்குப் பிறகு அந்த எண்ணைத் திருத்தி அமைக்க வழி உண்டு. சில கருவிகள் அதைச் செய்தும் இருக்கலாம்.

திருத்திய பிறகும் இரண்டாவது சோதனை நிற்கிறது. கருவியைப் பழக்கிய குவியலில் மனித உரையும் இயந்திர உரையும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். அங்கே 80% என்றால், மனிதருடையது ஒன்றுக்கு இயந்திரத்தினுடையது நான்கு என்ற விகிதம். அதே கருவி இப்போது பத்தில் ஒருவர் மட்டுமே இயந்திரத்தைக் கொண்டு எழுதும் வகுப்புக்கு வருகிறது. அங்கே தொடக்க விகிதமே ஒன்பதுக்கு ஒன்று. நான்கை ஒன்பதால் வகுத்தால் ஒன்றுக்கு 0.44 என்ற விகிதம் வருகிறது, அதாவது ஏறத்தாழ 31%. கருவி சரியாக வேலை செய்து, தராசு முத்திரையும் சரியாக இருந்து, திரையில் 80% என்று காட்டியும், அந்த வகுப்பில் அந்தக் கட்டுரையை மாணவரே எழுதியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் வகை ஒரு கட்டுரையைப் பற்றியதே அல்ல. அது கருவியின் பிழை விகிதத்தைச் சொல்கிறது. இதற்கு ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரி இறுதியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்ட வகைப்படுத்தி நல்ல உதாரணம். அது சதவீதத்தையே காட்டவில்லை என்பது பலருக்கு நினைவிருக்காது. 'வாய்ப்பு மிகக் குறைவு' என்பதில் தொடங்கி 'இயந்திரம் எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம்' என்பது வரை ஐந்து சொற்றொடர்களில் ஒன்றை மட்டும் தந்தது. கூடவே, இயந்திரம் எழுதிய உரைகளில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாகப் பிடிக்கிறது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது என்று நிறுவனமே அறிவித்தது. கருவி பலவீனமானதுதான், ஆனால் வாசகருக்குக் கணக்குப் போடத் தேவையான இரண்டு எண்களையும் அது நேர்மையாகக் கொடுத்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,000 கட்டுரைகளில் 100 இயந்திரத்தினுடையவை என்றால் அவற்றில் 26 பிடிபடும். மீதி 900 மனிதக் கட்டுரைகளில் 81 பிடிபடும். பிடிபட்ட 107-இல் உண்மையான இயந்திரக் கட்டுரைகள் 26 மட்டுமே, அதாவது 24%. ஆயிரத்தில் 500 இயந்திரத்தினுடையவை என்றால் அதே கருவி 130-ஐச் சரியாகவும் 45-ஐத் தவறாகவும் பிடிக்கும். அப்போது நிகழ்தகவு 74%. கருவியின் வாசகமும் பிழை விகிதமும் மாறவில்லை. வகுப்பு மட்டுமே மாறியது. நாம் தேடிய எண் கருவிக்குள் இல்லை, கருவியும் வகுப்பும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் வரும் பேயீஸ் தேற்றம் இதுதான். தொழிற்சாலையின் எந்த இயந்திரத்தில் பழுதான பொருள் தயாரானது என்று கேட்கும் அந்தப் பழைய கணக்கில், ஒவ்வோர் இயந்திரமும் எவ்வளவு தயாரித்தது என்பதைக் கொடுக்காமல் யாரும் விடை எழுத முடியாது.

பிழை விகிதம் மிகச் சிறியதாக இருக்கும்போது இந்தக் கணக்கு மறந்துபோகிறது. டர்னிட்டின் தன் கருவிக்கு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இயந்திர எழுத்து என்று குறிக்கப்படும் ஆவணங்களில், தவறான பிடிப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் இந்த வசதியை நிறுத்தியபோது ஒரு கணக்கைக் காட்டியது: 2022-இல் அங்கே டர்னிட்டின் மென்பொருள் வழியாகச் சென்ற கட்டுரைகள் 75,000, ஒரு சதவீதம் என்றாலே 750 பேர்மீது தவறான சந்தேகம் விழும். இந்த 750 எல்லாக் கட்டுரைகளையும் மனிதர்களே எழுதியிருந்தால் வரும் எண்; அது ஒரு மேல் எல்லை. ஆனால் பிடிபட்ட ஒரு மாணவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தேவைப்படுவது வேறொன்று. அந்த 75,000-இல் 2% இயந்திரத்தினுடையவை, அவற்றில் 85%-ஐக் கருவி பிடித்துவிடும் என்று வைத்துக்கொண்டால், சரியாகப் பிடிபடுபவை 1,275. தவறாகப் பிடிபடுபவை 735. மொத்தம் 2,010. பிடிபட்டவரில் நூற்றுக்கு 37 பேர் தாமே எழுதியவர்கள். '1 சதவீதப் பிழை' என்ற சொல்லைக் கேட்டு 99 சதவீத உறுதி என்று எடுத்துக்கொண்டவர் இவ்வளவு தூரம் தவறியிருப்பார்.

அந்த ஒரு சதவீதம் யாரிடம் அளக்கப்பட்டது என்பதும் கேட்கப்பட வேண்டும். இங்கேதான் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதும் நமக்கு இந்தப் பொருளில் நேரடிப் பங்கு இருக்கிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டோஃபல் தேர்வுக்காக ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் ஓட்டினார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இயந்திரத்தினுடையவை என்று குறிக்கப்பட்டன; ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை ஏழு கருவிகளும் ஒருமித்துத் தவறாகக் குறித்தன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அதே கருவிகள் ஏறத்தாழப் பிழையின்றி நடந்துகொண்டன. காரணம் எளிது. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறதோ அவ்வளவு இயந்திரத்தனம் என்பதே பல கருவிகளின் அளவுகோல். அளவான சொல்வளத்தோடு, இலக்கணப் பிழை வராத பாதுகாப்பான வாக்கியங்களாகப் பார்த்துப் பார்த்து எழுதுபவரின் ஆங்கிலம் அந்த அளவுகோலில் இயந்திரத்தின் பக்கமே சாயும்.

அந்த விகிதத்தை முன்பு போட்ட கணக்கில் வைத்தால் என்ன ஆகும்? அப்படிப்பட்ட 1,000 பேரில் 100 பேர் இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள், கருவி ஒருவரைக்கூட விடாமல் பிடித்தது என்று கருவிக்குச் சாதகமாகவே கொள்வோம். மீதி 900 பேரில் 61% என்றால் 549 பேர். பிடிபட்ட 649 பேரில் 100 பேர்தான் உண்மையில் இயந்திரத்தைப் பயன்படுத்தியவர்கள், நிகழ்தகவு 15%. அவர்களில் ஒருவரின் அறிக்கையில் 95% என்றே அச்சாகியிருந்தாலும், அந்த எண் இந்தக் குழுவைப் பார்த்துத் திருத்தப்பட்டதல்ல.

மூன்றில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், பிழை விகிதத்தை, யாரிடம் அளந்தது என்ற குறிப்போடு, முதலில் வைப்பேன். பங்கு எண்ணின் பயன், கட்டுரையின் எந்த இடத்தை மாணவரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. நம்பிக்கை எண்ணை, ஒரே வகுப்பின் கட்டுரைகளில் எதை முதலில் கையில் எடுப்பது என்று வரிசைப்படுத்துவதற்கு மேல் பயன்படுத்தமாட்டேன். எடுத்த பிறகு பார்க்க வேண்டியவை மாணவரின் முந்தைய வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, மூன்றாம் பத்தியில் சொன்னதை விளக்கச் சொல்லும்போது அவர் தரும் பதில் ஆகியவை. இவற்றில் எதற்கும் சதவீதம் கிடையாது.