வழக்கறிஞர் அலுவலக இணையதளம்: கருநீலமும் தங்கமுமா, வெண்மையும் சாம்பலுமா?

புதுச்சேரியில் தலைமை அலுவலகமும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளையும் உள்ள ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். சொத்து, வாரிசுரிமை, பாகப்பிரிவினை போன்ற உரிமையியல் வழக்குகளே அங்கு மிகுதி. கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் தமிழில் படிப்பவர்கள். சிலர் பிரான்சில் குடியேறி, ஊரில் உள்ள பூர்வீக வீட்டின் பொருட்டு அலுவலகத்தைத் தேடி வருபவர்கள். இத்தகைய அலுவலகத்துக்கு வடிவமைப்பாளர்கள் வழக்கமாக முன்வைக்கும் மாதிரிகள் இரண்டுதான். முதல் மாதிரியில் கருநீலப் பின்னணி, தங்க நிறத் தலைப்புகள், பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற, கோடுகளின் முனையில் சிறு நீட்சிகள் கொண்ட செரிஃப் வகை எழுத்துரு, நீதிபதியின் மரச்சுத்தியல் படம் ஆகியவை இருக்கும். இரண்டாம் மாதிரியில் வெள்ளைப் பின்னணி, வெளிறிய சாம்பல் எழுத்து, பாப்பின்ஸ் என்ற செரிஃப் இல்லாத எழுத்துரு, கண்ணாடிக் கட்டடத்தில் கைகுலுக்கும் வெளிநாட்டினர் படம் ஆகியவை இருக்கும். முதலாவது பழையதாகத் தெரிகிறது என்றும், இரண்டாவது வங்கிச் செயலி போல இருக்கிறது என்றும் அலுவலகத்தில் இரு அணிகள் உருவாகிவிடும்.

ஒப்பிடுவதற்கு முன், இரண்டையுமே கட்டுப்படுத்தும் விதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-இல் செய்யப்பட்ட திருத்தம், பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு எண், கல்வித் தகுதி, எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் என்பன போன்ற குறிப்பிட்ட விவரங்களை மட்டும் இணையதளத்தில் தர அனுமதிக்கிறது. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும் என்கிறது அதே விதி. ஆகவே கவர்ச்சியில் எந்த மாதிரி வெல்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை. பெயர், பதிவு எண், முகவரி, வழக்குத் துறை ஆகியவற்றை எந்த மாதிரி தெளிவாகப் படிக்கத் தருகிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியோடு எழுத்துருவைப் பார்த்தால், செரிஃபா இல்லையா என்ற சண்டையே பாதி பொருளற்றது என்று தெரியும். பிளேஃபேர் டிஸ்ப்ளேயிலும் தமிழ் எழுத்துகள் இல்லை, பாப்பின்ஸிலும் இல்லை. வடிவமைப்பாளர் காட்டும் ஆங்கில முகப்பில் இரண்டும் வெவ்வேறு முகத்தோடு நிற்கும். தமிழ்ப் பக்கத்துக்குப் போனதும் உலாவி தன்னிடம் கிடைத்த தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் அது நோட்டோ குடும்பத்து எழுத்தாக இருக்கும், விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலாவாக இருக்கும், ஐபோனில் வேறொன்றாக இருக்கும். ஆக, கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் காணும் பக்கத்தில் இரு மாதிரிகளுக்கும் எழுத்தில் வேறுபாடே இராது. அந்த எழுத்தை யாரும் தேர்ந்தெடுத்ததும் இல்லை. இதை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். கணினியில் குரோம் உலாவியில் ஒரு தமிழ் வரியை `Inspect` என்ற ஆய்வுக் கருவியால் திறந்து, `Computed` பகுதியின் அடியில் `Rendered Fonts` என்ற இடத்தைப் பார்த்தால், உண்மையில் எந்த எழுத்துரு வரையப்படுகிறது என்பது தெரியும்.

எனவே தேர்வைத் தமிழிலிருந்து தொடங்கி ஆங்கிலத்துக்குப் போவதுதான் முறை. தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தில் வரையப்பட்டு இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்று இந்த வேலைக்குப் பொருந்தும். டிரோ தமிழ் அச்சுப் புத்தகத்தின் சாயல் கொண்டது. மூன்றிலும் அழகானது அதுவே என்பது என் கருத்து. ஆனால் அதில் நேர் எழுத்தும் சாய்வெழுத்தும் மட்டுமே உண்டு, தடித்த எழுத்து இல்லை. தலைப்பைத் தடிமனாக்கச் சொன்னால் உலாவியே கோடுகளை வீங்க வைத்து ஒரு போலித் தடிமனை உண்டாக்கும். ‘ண’, ‘ணை’, ‘இ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுக் கறை போலத் தெரியும். நோட்டோ செரிஃப் தமிழில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை எல்லாப் படிகளும் உள்ளன. மெலிவும் தடிப்பும் மாறி வரும் அதன் கோடுகள் தலைப்புக்கு ஒரு கனத்தைத் தருகின்றன. முக்த மலர் செரிஃப் இல்லாதது, சீரான கோடுகள் கொண்டது. கைபேசியின் சிறிய திரையில் நீண்ட பத்திகளைப் படிக்க மூன்றிலும் அதுவே எளிது.

ஆகவே தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ், பத்திகளுக்கு முக்த மலர் என்று பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். முதல் மாதிரியை விரும்பும் மூத்த வழக்கறிஞருக்குத் தலைப்பிலும் இரண்டாம் மாதிரியை விரும்பும் இளையவருக்குப் பத்தியிலும் வேண்டியது கிடைக்கும். சமரசத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை: தலைப்பை ஒரு பார்வையில் கடக்கிறோம், பத்தியை நிதானமாகப் படிக்கிறோம் என்பதால் இரண்டின் தேவைகளும் வேறு. இரு எழுத்துருக்களையும் தளத்தில் ஏற்றிய பின், தளத்தின் CSS கோப்பில் இதை இப்படி எழுதலாம்:

```css
body   { font-family: "Mukta Malar", sans-serif;
         font-size: 18px; line-height: 1.7; }
h1, h2 { font-family: "Noto Serif Tamil", serif;
         font-weight: 600; line-height: 1.4; }
:lang(ta) { letter-spacing: 0; font-synthesis: none; }
```

கடைசி வரி, எழுத்துகளுக்கு இடையே வெளிவிடுவதையும் உலாவி போலித் தடிமன் உண்டாக்குவதையும் `lang="ta"` என்று குறிக்கப்பட்ட தமிழ்ப் பகுதியில் நிறுத்துகிறது. ஆங்கிலத் தலைப்பைப் பெரிய எழுத்துகளில் அமைத்து இடையே வெளி விடும் வழக்கம் முதல் மாதிரியில் தவறாமல் இருக்கும். தமிழுக்குப் பெரிய எழுத்து கிடையாது, வெளி விட்டால் சொல் சிதறுகிறது. தலைப்பின் அளவும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 40 பிக்சல் அளவில் நன்றாக நிற்கும் தலைப்பு, 360 பிக்சல் அகலமுள்ள கைபேசியில் ‘பாகப்பிரிவினை’ என்ற ஒரே சொல்லில் விளிம்பை முட்டிவிடும். தமிழ்த் தலைப்புக்கு 26 முதல் 28 பிக்சல் போதுமானது. எழுத்துருவை முடிவு செய்யுமுன் ‘ஸ்ரீ’, ‘லக்ஷ்மி’, ‘ஷண்முகம்’, ₹ குறி, ஒரு வழக்கு எண், பிரெஞ்சுப் பக்கம் இருந்தால் é, ç, œ ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். பத்திரங்களிலும் வழக்கு ஆவணங்களிலும் வரும் பெயர்கள் இவற்றில்தான் தடுக்கும். அலுவலகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியீடுகளில் தட்டச்சு செய்து வைத்த பத்திகளை யுனிகோடுக்கு மாற்றாமல் தளத்தில் ஒட்டினால் எந்த எழுத்துருவும் காப்பாற்றாது.

நிறத்தில் முதல் மாதிரியின் குறை கருநீலத்தில் இல்லை. #14213D என்ற கருநீலத்தின் மேல் வெள்ளை எழுத்துக்கு மாறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டின் அளவு, ஏறத்தாழ 16. #C9A227 என்ற தங்க நிறத்துக்கு 6.6. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறையின் அளவு. இரண்டும் அதைத் தாண்டுகின்றன. சிக்கல் கீழே வருகிறது: தலைப்பட்டையில் பொலிந்த அதே தங்கத்தை வெள்ளைப் பின்னணியில் இணைப்புகளுக்கும் துணைத் தலைப்புகளுக்கும் பயன்படுத்தும்போது விகிதம் 2.4 ஆகச் சரிகிறது. இரண்டாம் மாதிரி நவீனமாகத் தோன்றினாலும் அங்கும் நிலைமை இதேதான்; #9AA0A6 போன்ற சாம்பல் எழுத்து வெள்ளையின் மேல் 2.6-ஐத்தான் எட்டுகிறது. வெயிலில் நின்றுகொண்டு கைபேசியில் பதிவு எண்ணைத் தேடும் முதியவருக்கு இரண்டு மாதிரிகளும் ஒரே அளவில்தான் உதவாமல் போகின்றன.

நான் தேர்ந்தெடுப்பது: பின்னணிக்கு #FAF8F4 என்ற மங்கிய வெள்ளை, எழுத்துக்கு #1B3A4B என்ற மை நீலம், இணைப்புகளுக்கு #7A4E12 என்ற பழுப்பு. எழுத்தின் விகிதம் 11-ஐத் தாண்டுகிறது, இணைப்பின் விகிதம் 6.7-ஐத் தாண்டுகிறது. பழுப்பு என்பது தங்கத்தின் இருண்ட உறவினன் என்பதால் முதல் மாதிரியின் தொனி முற்றிலும் போய்விடுவதில்லை. இணைப்புக்குச் சிவப்பு வேண்டும் என்று யாராவது கேட்கலாம். ஆனால் கறுப்புக்கு நெருங்கிய எழுத்தோடு சிவப்பு சேர்ந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கட்சிக் கொடிகளே. வழக்கறிஞர் எந்தக் கட்சிக்காரர் என்ற ஐயத்தைத் தளத்தின் நிறமே கிளப்பக்கூடாது. (இங்கே ‘கட்சிக்காரர்’ வேறு வகை.)

பழையதாகவும் கடன் வாங்கியதாகவும் தெரியச் செய்வதில் நிறத்தைவிடப் புகைப்படத்துக்கே பங்கு அதிகம். மரச்சுத்தியலை ஓங்கித் தட்டும் நீதிபதி அமெரிக்கத் திரைப்படங்களில் வருபவர்; நம் நீதிமன்றங்களில் அந்த வழக்கம் இல்லை என்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்தா வாங்கிய எவரும் அறிவார். கண்கட்டிய நீதி தேவதையும் அவ்வளவாகப் பொருந்தவில்லை: இந்திய உச்ச நீதிமன்றத்திலேயே கண்கட்டு இல்லாத, வாளுக்குப் பதில் அரசமைப்புச் சட்டத்தை ஏந்திய சிலை வைக்கப்பட்டது 2024-இல் செய்தியானது. இரண்டாம் மாதிரியின் கைகுலுக்கும் படமோ எந்த ஊருக்கும் உரியதன்று. உள்ளூர்த் தன்மைக்காகப் பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவரையும் காகிதப் பூவையும் போடலாம் என்ற மூன்றாவது யோசனை புதுச்சேரியில் அடிக்கடி எழும். அது தளத்தை விருந்தினர் விடுதியாக்கிவிடும்.

மிஞ்சுவது அலுவலகத்தின் சொந்தப் படங்கள். இதிலும் எச்சரிக்கை வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் கழுத்துப்பட்டையும் கவுனும் அணியக்கூடாது என்பது பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் ஒன்று. ஆகையால் அலுவலக நாற்காலியில் கவுனோடு எடுத்த கம்பீரப் படத்தைத் தவிர்த்து, வெள்ளைச் சட்டையிலோ எளிய சேலையிலோ எடுப்பது நல்லது. 2008 திருத்தம் தரும் பட்டியலில் புகைப்படம் இடம்பெறவில்லை என்பதால், உருவப்படம் வேண்டுமா என்பதை மாநில பார் கவுன்சிலிடம் கேட்டறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் வாசல் பெயர்ப்பலகை, காத்திருக்கும் அறை, மாடிப்படி ஆகிய மூன்று படங்கள் போதும். முதன்முறை வருபவருக்கு இடத்தை அடையாளம் காட்டுவதில் அவை உருவப்படத்தைவிடப் பயன்படும்.

படமெடுக்கும்போது எல்லோரையும் ஒரே வெளிர் சுவரின் முன், ஒரே தொலைவில், கண் மட்டத்தில் கேமராவை வைத்து, பக்கவாட்டுச் சன்னல் ஒளியில் காலை 9 மணிக்குள் எடுத்துவிட்டால், படங்கள் ஒன்றோடொன்று இசையும். நண்பகல் வெயிலில் எடுத்தால் கண்ணின் கீழ் நிழல் விழும். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஸ்டூடியோக்களில் எடுத்த நீலத் திரைப் படங்களைத் தொகுத்துப் போடுவதுதான் தளத்துக்கு மிக விரைவில் வயதேற்றுகிறது. மேசையின் மேல் கோப்புகள் இருந்தால் படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கட்சிக்காரரின் பெயரோ சர்வே எண்ணோ தெரிந்தால் அந்தப் படம் கூடாது.

இரு மாதிரிகளிலும் ஓரத்தில் மிதக்கும் பச்சை வாட்ஸ்அப் பொத்தானும் ‘இப்போதே அழையுங்கள்’ என்ற பளிச்சென்ற பட்டையும் இருக்கும். அவை நிறத் திட்டத்தைக் குலைப்பதோடு, கட்சிக்காரரை வலிந்து அழைப்பதாகவும் தோன்றக்கூடும். தொலைபேசி எண்ணை முகவரியின் கீழ் மை நீலத்தில் எழுத்தாகவே கொடுத்து, தொட்டால் அழைப்பு செல்லுமாறு இணைத்துவிட்டால் அந்த இரண்டுக்கும் வேலை இல்லை.