பின் கார்டும் ஸ்டோர்ஸ் லெட்ஜரும்: வாராவாரம் ஒத்துப் பார்த்த அனுபவம்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் பராமரிப்பு ஸ்டோரில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பேரிங், கேஸ்கட், வி-பெல்ட், வால்வு, ஆங்கிள் என எல்லாச் சாமானுக்கும் எங்களிடம் இரண்டு பதிவு உண்டு. ரேக்கில் ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள ‘பின்’ என்ற தனித் தட்டறையில் தொங்கும் பின் கார்டு ஒன்று, அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஸ்டோர்ஸ் லெட்ஜர் இன்னொன்று. புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, “ஒரே இருப்பை எதுக்கு ரெண்டு இடத்துல எழுதணும்?” என்பதுதான். இரண்டையும் வாராவாரம் ஒத்துப் பார்த்து வந்ததில் எனக்குக் கிடைத்த பதிலை எழுதுகிறேன்.

பின் கார்டை எழுதுபவர் ஸ்டோர்கீப்பர். சாமான் கை மாறும்போதே, ரேக்கின் முன் நின்றபடி எழுத வேண்டும். தேதி, சீட்டு எண், வரவு, பற்று, இருப்பு ஆகிய ஐந்தும்தான் அதில் முக்கியம். கார்டின் தலையில் அயிட்டம் கோடு, பின் எண், அதிகபட்ச இருப்பு, குறைந்தபட்ச இருப்பு, மறு ஆர்டர் அளவு இருக்கும். பணம் என்ற பேச்சே அதில் கிடையாது. லெட்ஜரை எழுதுபவர் ரேக்கைப் பார்ப்பதே இல்லை. அவர் கைக்கு வருவது சீட்டுகள் மட்டும்: சரக்கு வந்ததற்கு ஜி.ஆர்.என்., கொடுத்ததற்கு இஷ்யூ ஸ்லிப், திரும்பி வந்ததற்கு ரிட்டர்ன் நோட். அவற்றை வைத்து எண்ணிக்கையோடு விலையையும் மதிப்பையும் அவர் பதிகிறார். கார்டு சாமானைப் பார்த்து எழுதப்படுகிறது, லெட்ஜர் தாளைப் பார்த்து எழுதப்படுகிறது. இரண்டு கை, இரண்டு வழி என்பதால்தான் ஒத்துப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதினால் அந்த நாளோடு அந்தப் பயன் போய்விடும்.

எங்கள் ஸ்டோரில் வெள்ளி மாலை கணக்கை நிறுத்துகிறோம். அன்று கடைசியாகப் போட்ட ஜி.ஆர்.என். எண், இஷ்யூ ஸ்லிப் எண், ரிட்டர்ன் நோட் எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி ஸ்டோர்கீப்பரும் அக்கவுண்ட்ஸும் கையெழுத்திடுவோம். இந்த மூன்று எண்களையும் குறிக்காமல் இறங்கினால், சனிக்கிழமை காலை கொடுத்த சாமான் ஒரு பக்கம் ஏறியிருக்கும், மறுபக்கம் ஏறியிருக்காது. இல்லாத வித்தியாசத்தைத் தேடி அரை நாள் போய்விடும்.

சனிக்கிழமை அந்த வாரம் அசைந்த அயிட்டங்களின் கார்டு இருப்பை ஸ்டோர்கீப்பர் ஒரு பட்டியலாக எழுதித் தருவார். லெட்ஜர் இருப்பை அதற்கு முன் அவருக்குச் சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். “சார், உங்க புக்குல எவ்வளவு இருக்கு, சொல்லுங்களேன்” என்று போனில் கேட்டு அதே எண்ணை எழுதும் பழக்கத்தை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லா வாரமும் எல்லாமே ஒத்துப்போகும், வருடக் கடைசியில் எண்ணும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஒரு வாரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அயிட்டம் 6205 பேரிங். 25 மி.மீ. ஷாஃப்டில் ஏறும் இந்தப் பேரிங் சின்ன மோட்டார்களில் அதிகம் ஓடும். இதில் இரும்புத் தகடு மூடி போட்டது ஒரு வகை, ரப்பர் மூடி போட்டது இன்னொரு வகை. அளவு ஒன்றுதான், கோடு வேறு. பின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

ரப்பர் மூடிப் பேரிங்கின் ஆரம்ப இருப்பு இரண்டு பதிவிலும் 18. திங்கள் 2 கொடுத்தோம். செவ்வாய் புதிதாக 12 வந்தது. புதன் 4 கொடுத்தோம். வியாழன் ஃபிட்டர் ஒன்றைப் பயன்படுத்தாமல் திருப்பித் தந்தார். கார்டில் இருப்பு 25. லெட்ஜரில் 16. வித்தியாசம் 9.

இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள் லெட்ஜரில் 9 கூட்டி “சரிசெய்தல்” என்று எழுதிவிடுவார்கள். அதைப் போல் கெட்ட காரியம் ஸ்டோர் கணக்கில் வேறில்லை. ஒன்பதும் ஒரே காரணத்தால் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லையே! முதலில் இரண்டு பக்கத்துச் சீட்டு எண்களையும் ஒன்றொன்றாக டிக் அடிக்க வேண்டும். டிக் விழாமல் நிற்பவைதான் காரணங்கள்.

அந்த வாரம் மூன்று சீட்டுகள் அப்படி நின்றன. 12 பேரிங்குக்கான ஜி.ஆர்.என். விலைக்காக பர்சேஸ் மேசையில் காத்திருந்தது. ரிட்டர்ன் நோட் இன்னும் அக்கவுண்ட்ஸுக்கே போகவில்லை. நான்கு பேரிங்குக்கான ஸ்லிப் போயிருந்தது, ஆனால் லெட்ஜரில் தகடு மூடிப் பேரிங்கின் பக்கத்தில் ஏறியிருந்தது. ஸ்லிப்பில் ஃபிட்டர் வெறும் “6205” என்று எழுதிவிட்டார், கோடு எழுதவில்லை. ஆக, 16 உடன் வரவேண்டிய 12ஐக் கூட்டி, வேறு பக்கம் ஏறிய 4ஐக் கழித்து, திரும்பிய 1ஐச் சேர்த்தால் 25.

இதில் 12ம் 1ம் பிழைகள் கிடையாது. தாள் வந்து சேரத் தாமதம், அவ்வளவுதான். அடுத்த வாரம் தானாகத் தீரும். அதனால் நிலுவை என்று எழுதிவைத்து, அடுத்த சனிக்கிழமை முதல் வேலையாக அது தீர்ந்ததா என்று பார்ப்போம். ஒரே நிலுவை தொடர்ந்து பட்டியலில் நின்றால் அந்தச் சீட்டு எங்கோ தொலைந்துவிட்டது என்று பொருள். அந்த 4 மட்டும்தான் உண்மையான பிழை. அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம் உண்டு: தகடு மூடிப் பேரிங்கில் கார்டு 10, லெட்ஜர் 6. அங்கே நான்கு குறைகிறது, இங்கே நான்கு கூடுகிறது. பக்கத்துப் பக்க அயிட்டங்களில் இப்படி எண் ஒன்றாகவும் திசை எதிராகவும் இருந்தால், பெரும்பாலும் பக்கம் மாறிப் பதிந்ததாகத்தான் இருக்கும்.

விலை விஷயத்தையும் இதே உதாரணத்தில் பார்க்கலாம். நாங்கள் சராசரி விலை முறை பின்பற்றுகிறோம். 18 பேரிங் 200 ரூபாய் வீதம் இருந்தது. திங்கள் 2 போக 16, மதிப்பு 3,200 ரூபாய். செவ்வாய் வந்த 12ன் விலை 228 வீதம் 2,736 ரூபாய். மொத்தம் 28 பேரிங், 5,936 ரூபாய், சராசரி 212. புதன்கிழமை கொடுத்த நான்கும் 212 வீதம் 848 ரூபாய்க்குச் செலவாக வேண்டும். ஜி.ஆர்.என். ஏறுவதற்கு முன் ஸ்லிப்பைப் பதிந்தால் அதுவே 800 ஆகிவிடும். எண்ணிக்கை பின்னால் சரியாகிவிட்டாலும் அந்த 48 ரூபாய் இஷ்யூ கணக்கில் குறைந்தும் மீதிச் சரக்கின் மதிப்பில் கூடியும் நிற்கும். பின் கார்டு இதை ஒருநாளும் காட்டாது. எனவே ஒத்துப் பார்க்கும்போது இருப்பு சரி என்பதோடு நிறுத்தாமல், லெட்ஜரில் பதிந்த வரிசை சீட்டுகளின் தேதி வரிசைப்படி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வேன்.

இந்த முறையில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. கார்டும் லெட்ஜரும் அழகாக ஒத்துப்போயும் ரேக்கில் சாமான் குறையலாம். ராத்திரி ஷிஃப்டில் மோட்டார் நின்றுவிடும். “அண்ணே, பேரிங் ஒண்ணு எடுத்துக்கறேன், ஸ்லிப் காலைல தர்றேன்” என்பார் ஃபிட்டர். ஸ்டோர்கீப்பர் அதைக் கார்டில் எழுதினால் கார்டு குறைந்து லெட்ஜர் கூடி நிற்கும், சனிக்கிழமை தெரிந்துவிடும். எழுதாமல் விட்டால் இரண்டு பதிவும் ஒரே தவறான எண்ணைச் சொல்லும், சரிபார்ப்பில் எதுவும் தெரியாது. ஆகவே வாரம் ஒருமுறை சில பின்களையாவது கையால் எண்ணியே ஆக வேண்டும். எந்தப் பின் என்பதை அக்கவுண்ட்ஸ்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. விலை கூடிய அயிட்டங்களும் அடிக்கடி அசைகிறவையும் அதில் தவறாமல் வரட்டும்.

அலகு வேறுபடும் சாமான்கள் இன்னொரு தலைவலி. 50×50×6 ஆங்கிளை எடை போட்டு வாங்குகிறோம், நீளமாக வெட்டிக் கொடுக்கிறோம். பட்டியல்படி மீட்டருக்கு 4.5 கிலோ, 6 மீட்டர் நீளம் 27 கிலோ. ஒருமுறை 20 நீளம் வந்தது, எடைச்சீட்டில் 528 கிலோ. கார்டில் 120 மீட்டர் ஏறியது. கொடுத்ததையெல்லாம் 4.5ஆல் பெருக்கிப் பதிந்தால் 120 மீட்டரும் தீரும்போது 540 கிலோ கழிந்திருக்கும், லெட்ஜர் 12 கிலோ மைனஸில் போய்விடும். யாரும் திருடவில்லை, எழுத்துப் பிழையும் இல்லை. உருட்டாலையிலிருந்து வரும் ஆங்கிள் பட்டியல் எடைக்கு அச்சாக இருக்காது. அதனால் 528ஐ 120ஆல் வகுத்து, இந்த லாட்டுக்கு மீட்டருக்கு 4.4 கிலோ என்று கார்டின் தலையிலேயே எழுதிவிட்டோம். இஷ்யூ ஸ்லிப்பில் மீட்டர், கிலோ இரண்டும் எழுதுகிறோம். அதன்பின் ஆங்கிளில் காரணம் தெரியாத வித்தியாசம் வருவது நின்றது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் ஸ்டோருக்குள் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டுக் கார்டுகள் ஊறி மை கரைந்து படிக்க முடியாமல் போயின. முந்தைய வாரம் கையெழுத்திட்ட பட்டியலில் இருந்த இருப்பை எடுத்து, அதற்குப் பின் போட்ட சீட்டுகளின் அக்கவுண்ட்ஸ் பிரதிகளைக் கூட்டிக் கழித்துப் புதுக் கார்டு எழுதினோம். பிறகு ரேக்கில் எண்ணிப் பார்த்து உறுதி செய்தோம். மாதம் ஒருமுறை மட்டும் ஒத்துப் பார்த்திருந்தால் அத்தனை சீட்டுகளையும் திரும்பப் புரட்ட வேண்டியிருந்திருக்கும்.

இப்போது லெட்ஜர் கணினியில் ஓடுகிறது. பின் கார்டையும் அதே மென்பொருளிலிருந்து அச்செடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி அச்செடுத்தது லெட்ஜரின் நகல், அதை லெட்ஜரோடு ஒத்துப் பார்த்து என்ன தெரியப்போகிறது? ஸ்டோர்கீப்பர் ரேக்கருகே பார்கோடு அடித்து வரவு, பற்றைத் தானே பதிய, அக்கவுண்ட்ஸ் சீட்டுகளிலிருந்து தனியாகப் பதிவதானால் காகிதக் கார்டை விட்டுவிடலாம். எங்கள் ஸ்டோரில் அந்த ஏற்பாடு வரும்வரை மை பேனாவும் அட்டையும்தான். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணும் சுருக்கொப்பமும் வைக்கச் சொல்கிறோம். வெள்ளை மை பூசிய கார்டு கண்ணில் பட்டால் அந்த வாரமே அந்தப் பின்னை எண்ணிவிடுகிறோம்.