பழைய காருக்குக் கடன்: 48 தவணைகளையும் கட்டி முடித்தபின் எழுதுவது

2021 ஆகஸ்டில், கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து ஐந்தரை வயதான பெட்ரோல் கார் ஒன்றை 4,20,000 ரூபாய்க்குப் பேசி, 10,000 முன்பணமும் கொடுத்துவிட்ட பிறகுதான் கடனைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். விலையில் 80 சதவீதம் கடனாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், கையிலிருந்து 84,000 போட்டால் போதும் என்பது என் கணக்கு. அந்த 80 சதவீதம் நான் பேசிய விலைக்கு அல்ல, அவர்கள் மதிப்பிடும் விலைக்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஃபைனான்ஸ் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் விற்பவரின் வீட்டுக்கே வந்து, மொத்தம் இருபது நிமிடம் இருந்தார். பானெட்டைத் திறந்து சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். ஓடிய கிலோமீட்டரையும் டயர்களையும் படம் பிடித்தார். இடது முன்பக்க ஃபெண்டரில் விரலை ஓட்டிவிட்டு, “இது ரீபெயின்ட் சார்” என்றார். விற்பவர் 25,000 செலவழித்துப் பொருத்திய மியூசிக் சிஸ்டத்தையும் அலாய் வீல்களையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது நியாயமே, தவணை நின்று வண்டியைப் பறிமுதல் செய்தால் ஏலத்தில் என்ன கிடைக்கும் என்பதுதான் கடன் கொடுப்பவரின் கவலை. நான் இரண்டாவது உரிமையாளர் அல்ல, மூன்றாவது என்பதும் சேர்ந்து, மதிப்பு 3,60,000 என்று வந்தது. அதில் 80 சதவீதம் 2,88,000. ஆக, நான் திரட்ட வேண்டிய தொகை 1,32,000 ஆகிவிட்டது. முன்பணம் கொடுக்கும் முன்பே மதிப்பீட்டைக் கேட்டிருந்தால், அதைக் காட்டி விலையைக் குறைத்திருப்பேன்.

அடுத்த தடை வயது. வாங்கும்போது வண்டிக்கு எத்தனை வயது என்பதைவிட, கடைசித் தவணை கட்டும்போது எத்தனை வயதாகும் என்பதே விதி. என் நிறுவனத்தில் வரம்பு 10 ஆண்டுகள். இடத்துக்கு இடம் இது மாறும். கார் பதிவானது 2016 மார்ச். ஆனால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் 2015 டிசம்பர் என்றிருந்தது, அவர்கள் எண்ணியதும் அதிலிருந்துதான். 60 மாதம் கேட்டேன். அது 2026 ஆகஸ்டில் முடியும் என்பதால் மறுத்து, 48 மாதம் மட்டுமே தந்தார்கள். 60 மாதமென்றால் 6,720 ஆகியிருக்கும் தவணை 7,920 ஆனது.

வட்டியில்தான் நன்றாக ஏமாந்தேன். இடைத்தரகர் “எட்டு பர்சென்ட்தான்” என்றார். புதிய காருக்கே ஏறக்குறைய அந்த அளவில்தான் அப்போது வட்டி இருந்ததால், பழைய காருக்கு இது மலிவு என்று நம்பிவிட்டேன். ஆனால் அவர் சொன்னது ஃப்ளாட் வட்டி. அதாவது 2,88,000-க்கு நான்கு ஆண்டுக்கும் முழுத்தொகையின் மேலேயே 8 சதவீதம், மொத்தம் 92,160. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், அதே தவணைக்கு உண்மையான வட்டி 14 சதவீதத்துக்கும் சற்று மேல். இது எனக்கு உறைத்தது இரண்டாம் ஆண்டின் முடிவில், கடனை முன்கூட்டியே அடைக்கக் கேட்டபோது. 24 தவணைகளில் 1,90,080 கட்டியிருந்தேன். பாதி அசல் தீர்ந்து 1,44,000 மீதமிருக்கும் என்று நினைத்துப் போனால், நிலுவை 1,64,000-க்கு மேல் இருந்தது. நிலையான வட்டிக் கடன் என்பதால் அதற்கு மேல் 5 சதவீத முன்முடிப்புக் கட்டணமும் வரியும் வேறு. அப்போதும் அடைத்தால் 15,000 போல மிச்சமாகும்தான், ஆனால் கையில் அவ்வளவு பணம் இல்லை. இப்போது கடன் கொடுப்பவர்கள் ஆண்டு வட்டியை எல்லாக் கட்டணங்களோடும் சேர்த்து முக்கிய விவரப் பத்திரம் ஒன்றில் காட்டியாக வேண்டும். வாய்ச்சொல்லை விட்டுவிட்டு அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பணம் நேராக விற்பவரின் கணக்குக்குப் போனது, அதுவும் முழுதாக அல்ல. செயலாக்கக் கட்டணம் முதலியவற்றைக் கழித்ததோடு, ஆர்.சி. என் பெயருக்கு மாறி, அதில் அவர்களின் அடமானம் ஏறும் வரை 10,000-ஐ நிறுத்தி வைத்தார்கள். ஆர்.டி.ஓ.வில் ஆறு வாரம் ஆனது. அதுவரை விற்பவர் எனக்குத்தான் தினமும் போன் செய்தார்.

2025 ஆகஸ்டில் கடைசித் தவணை கழிந்தது. தடையின்மைச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் தபாலில் வந்தன. அவற்றை ஆர்.டி.ஓ.வில் கொடுத்து ஹெச்.பி. எனப்படும் அடமானப் பதிவை கேன்சல் செய்யும் வரை வண்டி ஆவணத்தில் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும் என்பதால், மறு வாரமே போய்வந்தேன்.