படிக்கட்டு அச்சுப் பலகைக்கு முட்டு கொடுக்காத ஒப்பந்தக்காரர்: ஓர் எச்சரிக்கை

பின்வாசலுக்கு 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. உயரத்தில் ஒரே ஒரு கான்கிரீட் படி போடும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தேன். அவர் முன்பக்கத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் நிறுத்தி, இரு முனைகளில் மட்டும் முளை அடித்து, மேல் விளிம்பில் ஒரு மெல்லிய ரீப்பரை ஆணியால் பிடித்துவிட்டுக் கலவையைக் கொட்டிவிட்டார். நடுவில் முட்டு வேண்டாமா என்று கேட்டபோது, "இத்துனூண்டு படிக்கு அதெல்லாம் எதுக்கு சார்?" என்றார்.

பலகையைக் கழற்றியபோது படியின் நடுப்பகுதி அடியில் இரண்டரை செ.மீ. அளவுக்கு வயிறு தள்ளியிருந்தது; பலகையின் கீழ் இடுக்கில் சிமெண்டுப் பால் ஒழுகிவிட்டதால் அங்கே ஜல்லி பல்லிளித்தது. புடைப்பைக் கொத்திவிட்டு அவர் மேலே பூசிய மெல்லிய சாந்து இப்போது தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. இடித்துப் புதிதாகப் போட்டுத் தரும்படி கேட்டேன், பதில் இல்லை.

சின்னப் படிதானே என்ற பேச்சை நம்பாதீர்கள். ஈரக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ எடையுள்ளது. இறுகும் வரை அது தண்ணீரைப் போலவே பக்கவாட்டில் தள்ளும், ஆழம் கூடக் கூட அந்த அழுத்தமும் கூடும். என் படியின் முன்பலகை மீது மட்டும் ஏறத்தாழ 58 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் இருந்திருக்கிறது, அதுவும் பெரும்பகுதி கீழ்ப்பாதியில். அடிப்பக்கம் முதலில் விலகுவதற்குக் காரணம் இதுதான்; மேல் விளிம்பை மட்டும் பிடித்துவைத்ததால் பயன் இல்லை.

இந்த அளவுக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். அதன் வெளிப்புறத்தில் 40 செ.மீ.க்கு ஒன்றாக, 50 மி.மீ. தடிமனுள்ள ரீப்பர்களைச் செங்குத்தாகத் திருகாணியால் முடுக்க வேண்டும். ஆணி தள்ளலில் பிடுங்கிக்கொள்ளும், கழற்றும்போதும் அடித்து நெம்ப வேண்டியிருக்கும். அடியில் நெடுக ஒரு ரீப்பரைப் பலகையோடு ஒட்டவைத்து, அதன் பின்னால் முளைகளை அடித்தால் கால் நகராது. ஒவ்வொரு செங்குத்து ரீப்பரின் தலையிலிருந்தும் பின்னால் அடித்த முளைக்குச் சாய்வு முட்டு போக வேண்டும். தரை இளகலாக இருந்தால் முளையை இன்னும் நீளமாக எடுத்து ஆழமாக இறக்க வேண்டும். முளை அசைந்தால் முட்டு இருந்தும் இல்லாததுதான்.

கலவை வருவதற்கு முன் பலகையின் நடுவில் காலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் கொட்ட விடாதீர்கள். பலகைக்கு வெளியே, இரு முனைகளிலும் 20 மி.மீ. கட்டை வைத்து நூல் கட்டிவிட்டு, கொட்டும்போதே நடுவில் அதே கட்டை நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். இடைவெளி குறையத் தொடங்கினால் உடனே நிறுத்தி, கொஞ்சம் கலவையை அள்ளிவிட்டுப் பலகையை நெருக்கி முட்டு கூட்டலாம். கலவை இறுகத் தொடங்கிய பின் தள்ளி நேராக்க முயன்றால் படி உள்ளே வெடித்துவிடும்.