சின்னப் பையன் முன்பல்லுக்கு ரூட் கெனாலும் கேப்பும் என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

18,000 ரூபாய். சென்னை தண்டையார்பேட்டைப் பக்கம் மெயின் ரோட்டு மாடியில், இலவசப் பரிசோதனை என்று பேனர் கட்டிய ஒரு தனியார் பல் கிளினிக்கில் கொடுத்தது. பெயர் போடவில்லை. அந்த மாதிரி கிளினிக் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

என் பையனுக்கு எட்டரை வயது. ஸ்கூல் படிக்கட்டில் விழுந்து மேல் முன்பல்லில் அடி. பல் விழவில்லை, வலியும் அடங்கிவிட்டது. சில மாதம் கழித்து பல் சாம்பல் நிறமாகி, ஈறில் சீழ் கொப்புளம் வந்தது. கிளினிக் டாக்டர் எக்ஸ்ரே திரையை என் பக்கம் திருப்பி, “அக்கா, நரம்பு செத்துடுச்சு. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா முடிஞ்சது. என் பொண்ணுக்கும் இதேதான் பண்ணேன்” என்றார். சொந்தப் பெண்ணுக்கே செய்தேன் என்றவரை எப்படிச் சந்தேகப்படுவது? அங்கேயே ஜிபே பண்ணினேன்.

கொஞ்ச நாளில் கொப்புளம் திரும்ப வந்தது. ஃபோன் செய்தால் ரிசப்ஷன் பெண், “அது நார்மல் மேடம், உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொல்லுங்க” என்றார். அப்புறம் டாக்டர் லீவு. அப்புறம் புது எக்ஸ்ரேவுக்குத் தனிக் காசு. நேரில் போய்ச் சத்தம் போட்டதும் சொன்னார்கள்: “கேப்புக்குத்தான் வாரண்டி மேடம், பல்லுக்கு இல்ல.”

கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டரம்மா ஓபி சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்தாலும் அதன் வேர் முழுசாக வளர இன்னும் மூன்று வருடம் போல ஆகும். வேரை வளர்ப்பதே உள்ளே இருக்கும் நரம்புதான். அது செத்தால் வேர் அப்படியே நின்றுவிடும். சுவர் மெலிசாக, அடி அடைபடாத குழாய் மாதிரி.

பெரியவர்களுக்குச் செய்யும் ரூட் கெனாலில் ரப்பர் போன்ற பொருளை உள்ளே அழுத்தி அடைப்பார்கள். வேர் நுனி குறுகலாக இருப்பதால் அது அங்கே நிற்கும். இவனுக்கு நுனி மூடவே இல்லை. எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த அந்த ரப்பர் வேரைத் தாண்டி எலும்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே மெலிந்த பல்லைக் கேப்புக்காகச் சுற்றிலும் வேறு ராவியிருக்கிறார்கள்.

இந்த வயதுப் பல்லுக்கு இரண்டு வழி உண்டாம். ஒன்று ரீஜெனரேட்டிவ் சிகிச்சை. உள்ளே அதிகம் சுரண்டாமல், வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலால் மெதுவாகக் கழுவி, மருந்து வைத்து சில வாரம் மூடுவார்கள். கிருமி அடங்கியதும் மெல்லிய ஊசியை வேர் நுனிக்கு வெளியே லேசாகத் தொட்டு, வேண்டுமென்றே ரத்தம் கசிய விடுவார்கள். அந்த ரத்தத்தோடு நுனியைச் சுற்றியுள்ள, புதுத் திசுவாக வளரக்கூடிய ஸ்டெம் செல்களும் உள்ளே வரும். ரத்தம் உறைந்ததும் மேலே எம்டிஏ என்ற சிமென்ட் வைத்து மூடுவார்கள். சரியாக அமைந்தால் ஓரிரு வருடத்தில் வேர்ச் சுவர் தடிக்கும், சில நேரம் நீளவும் செய்யும். உள்ளே வளர்வது பழைய நரம்பு இல்லை, எலும்பு மாதிரித் திசுவாகவும் இருக்கலாம். எல்லாப் பல்லிலும் வேர் வளரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று அபெக்ஸிஃபிகேஷன். அதே சிமென்டை வேர் நுனியில் நாலைந்து மில்லிமீட்டர் அடைத்து அடி கட்டிவிடுவது. முன்பெல்லாம் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மாதக்கணக்கில் காத்திருப்பார்களாம். அதனாலேயே பல் நொறுங்கும் என்று இப்போது அதை நீட்டுவதில்லை. சிமென்ட் முறை ஓரிரு தடவையில் முடிந்துவிடும். ஆனால் வேர் வளராது, சுவர் மெலிசு மெலிசுதான்.

என் பையனுக்கு அந்த ரப்பர் எலும்பு வரை போனதால் முதல் வழியை நம்பி இறங்க டாக்டரம்மா தயாராக இல்லை. பழையதை எடுத்துவிட்டு சிமென்ட் அடைத்திருக்கிறார்கள். கொப்புளம் வற்றிவிட்டது. மட்டை, பந்து பக்கம் போகாதே, மறுபடி அடிபட்டால் ஈறு ஓரத்தில் முறியும் என்று சொல்லி அனுப்பினார். வேர் வளர இருந்த வாய்ப்பைக் கெடுத்ததற்குத்தான் அந்த 18,000.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. பத்து வயதுக்குள் முன்பல்லில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே எக்ஸ்ரே எடுங்கள், சில வாரம் கழித்து மறுபடியும் எடுங்கள். “வேர் நுனி மூடியிருக்கா?” என்று கேளுங்கள், பதில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த வயதில் கேப் என்றால் குழந்தைப் பல் டாக்டர் ஒருவரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். முதல் எக்ஸ்ரேயை அன்றைக்கே ஃபோனில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைக் கேட்டதற்கு, கிளினிக்கில் சிஸ்டம் மாத்தினப்போ போயிடுச்சாம்.