35-க்கு மேல் கர்ப்பம்: டபுள் மார்க்கரா, என்.ஐ.பி.டி.யா, ஆம்னியோவா?

35-ஐத் தாண்டிக் கருவுற்றால் கேஸ் சீட்டில் ‘எல்டர்லி’ என்று எழுதிவிடுகிறார்கள். படித்ததும் வயிற்றைக் கலக்கும். டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று. கூடுவது உண்மைதான். ஆனால் 40 வயதிலும் நூற்றுக்கு 99 குழந்தைகளுக்கு அது இருப்பதில்லை. இந்த வயதில் அதைவிட அடிக்கடி வருபவை சர்க்கரையும் பிரஷரும். அவற்றை வழக்கமான செக்கப்பிலேயே பிடித்துவிடலாம்.

டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த மூன்று சோதனைகளும். டபுள் மார்க்கர் ஒரு ரத்தப் பரிசோதனை; 11 முதல் 13 வாரத்துக்குள், கருவின் கழுத்துக்குப் பின்னால் சேரும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனோடு சேர்த்துச் செய்வது. பாதிப்புள்ள பத்துக் கருக்களில் எட்டு, ஒன்பதைக் கண்டுபிடிக்கும். குறை என்னவென்றால், வீணாகப் பயமுறுத்துவதும் அதிகம். 35 வயதுள்ள 10,000 பேரை எடுத்துக்கொள்வோம். பாதிப்பு இருப்பது 28 பேர் அளவில்தான். ஆனால் 500 பேருக்கு மேல் ‘ஹை ரிஸ்க்’ என்று ரிப்போர்ட் வரும்.

என்.ஐ.பி.டி.யில் 10-வது வாரத்திலிருந்தே தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்க்கிறார்கள். அதே 10,000 பேரில் அந்த 28 பேரும் அநேகமாகச் சிக்குவார்கள்; தவறாக மாட்டுவது பத்துப் பேர் அளவில்தான். விலை பல மடங்கு. பார்ப்பது குழந்தையின் செல்லை அல்ல, நஞ்சுக்கொடியை என்பதால், ‘பாசிட்டிவ்’ வந்தாலும் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உறுதியாகச் சொல்வது ஆம்னியோ. 15 வாரம் முடிந்தபின், ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் பனிக்குட நீரில் கொஞ்சம் எடுப்பார்கள். இதனால் கரு கலையும் வாய்ப்பு, அனுபவமுள்ளவர் செய்தால், 200-ல் ஒன்றுக்கும் குறைவு.

37 வயதுப் பெண் ஒருவருக்கு டபுள் மார்க்கரில் ‘1:190, ஹை ரிஸ்க்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதே ரிப்போர்ட் வந்த 190 பேரில் 189 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை என்பதுதான் அதன் பொருள். என்.டி. அளவு 1.8 மி.மீ. என்றால் அடுத்து என்.ஐ.பி.டி. போதும் என்பேன். அது ‘லோ ரிஸ்க்’ என்று வந்தால் பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. அதே என்.டி. 3.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் கதை வேறு. என்.ஐ.பி.டி. பார்க்காத கோளாறுகளும் இருக்கலாம் என்பதால், அதில் காசையும் நாளையும் விடாமல் நேரே ஆம்னியோவுக்குப் போவது நல்லது.

வசதி இருந்து முதலிலேயே என்.ஐ.பி.டி. எடுப்பவர்களும் என்.டி. ஸ்கேனையும் 20-வது வார அனாமலி ஸ்கேனையும் விடக் கூடாது. இதயம், முதுகெலும்புக் குறைகள் ரத்தத்தில் தெரியாது. அப்புறம், ஆணா பெண்ணா என்று டாக்டரைக் கேட்காதீர்கள். இந்தியாவில் சொல்வது சட்டப்படி குற்றம்.

ஆம்னியோவில் முதல் ரிசல்ட் சில நாளில் வந்துவிடும், முழு குரோமோசோம் ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் 13-வது வாரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டால், 16-ல் ஊசிக்கு நாள் குறித்துவிடுங்கள்.