“விவாப்பை விட 11 பைசா அதிகம் வாங்கிக் கொடுத்தோம்” என்றால் உஷார்!

பெரிய அளவில் பங்கு விற்க ஆர்டர் கொடுத்து, “துண்டு துண்டாகப் போட்டு விற்றுத் தருகிறோம், விலை விழாது” என்று சொல்லும் புரோக்கரை நம்பி இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கீழே இருக்கும் கணக்கு ஒரு கான்ட்ராக்ட் நோட்டிலிருந்து எடுத்தது. புரோக்கர் பெயரும் பங்கின் பெயரும் வேண்டாம். நடந்த விதம்தான் முக்கியம்.

என்எஸ்இயில் ஒரு ஸ்மால்கேப் பங்கு. ஒரு நாளைக்குச் சராசரியாக ஒன்றரை லட்சம் பங்கு கைமாறும். விற்க வேண்டியது 40,000. காலை 10:30க்கு ஆர்டர் போகும்போது வாங்குபவர் கேட்டது 211.80, விற்பவர் கேட்டது 212.20. நடுவிலை 212 ரூபாய். டீலர் சொன்னது “விவாப் முறையில் விற்போம்” என்று. விவாப் என்றால் வால்யூமை எடையாக வைத்துப் போடும் சராசரி விலை. அந்த முறையில் விற்பது என்றால், சந்தையில் வியாபாரம் அதிகமாக நடக்கும் நேரத்தில் அதிகமாகவும், ஓய்ந்திருக்கும் நேரத்தில் குறைவாகவும் விற்க வேண்டும்.

கான்ட்ராக்ட் நோட்டில் இருந்ததோ வேறு. 10:30:00, 10:35:00, 10:40:00 என்று நொடி பிசகாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 2,000 பங்கு. மொத்தம் 20 துண்டு, எல்லாமே மார்க்கெட் ஆர்டர், கடைசித் துண்டு 12:05க்கு. இது விவாப் இல்லை, நேரத்தைச் சமமாகக் கூறுபோடும் டிவாப். அதுவும் நம் சந்தையில் வியாபாரம் காலைத் திறப்பிலும் கடைசி அரைமணியிலும்தான் குவியும். பதினொன்றுக்கு மேல் மந்தம். அந்த மந்த நேரத்தில்தான் பெரும்பகுதியைக் கொட்டியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு துண்டைப் பார்த்தாலே போதும். 11:10:00க்குப் போன 2,000 பங்கு இப்படி விற்றது:

```
350  @ 208.40
600  @ 208.15
450  @ 207.80
400  @ 207.35
200  @ 206.90
```

ஒரே நொடியில் ஐந்து விலைப்படி இறங்கி, ஒன்றரை ரூபாய் சறுக்கல். திரையில் தெரியும் ஐந்து வரிசை வாங்குபவர்களையும் ஒரே வாயில் விழுங்கியாயிற்று. லிமிட் வைத்திருந்தால் முதல் இரண்டு வரிசையோடு நின்றிருக்கும், மிச்சம் காத்திருந்திருக்கும். துண்டு போடுவதே, விழுங்கிய இடத்தில் புதிய வாங்குபவர்கள் வந்து நிற்க நேரம் கொடுக்கத்தான். மார்க்கெட் ஆர்டராகத் துண்டு போட்டால் அந்தப் பலன் பாதி போய்விடும்.

மீதிப் பாதியைத் தின்றது கடிகாரம். ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒரே பக்கம். நான்காவது துண்டிலிருந்து மார்க்கெட் டெப்த்தில் ஒரு கூத்து நடந்தது: அடுத்த ஐந்தாவது நிமிடம் வருவதற்குச் சில நொடி முன்பு மேலிருந்த வாங்கும் ஆர்டர்கள் மறையும், துண்டு விற்று முடிந்ததும் அரை ரூபாய் கீழே திரும்ப முளைக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை, வரிசையாக மூன்று முறை பார்த்தால் யாருக்கும் புரியும். அதனால்தான் ஒழுங்கான அல்கோ துண்டின் அளவையும் இடைவெளியையும் கலைத்துக் கலைத்துப் போடும்: ஒரு முறை 640, அடுத்தது 1,150, இடையில் மூன்று நிமிடம், பிறகு ஏழு.

மொத்த சராசரி விற்பனை விலை 207.40. புகார் சொன்னபோது புரோக்கர் காட்டிய கணக்கு: “அந்த நேரத்துச் சந்தை விவாப் 207.29. உங்களுக்கு 11 பைசா அதிகம் கிடைத்திருக்கிறது.” கணக்கு தப்பில்லை, ஆனால் ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. அந்த 95 நிமிடத்தில் மொத்த வியாபாரம் 62,000 பங்கு. அதில் 40,000 இந்த ஒரு ஆர்டர். அதாவது அளவுகோலில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நம் விற்பனையேதான். விலையை நாமே இழுத்துத் தள்ளிவிட்டு, இறங்கிய விலையோடு நம் விலையை ஒப்பிட்டால் எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

ஒப்பிட வேண்டியது ஆர்டர் கொடுத்த நொடியின் நடுவிலையோடு. 212 கழித்தல் 207.40, அதாவது பங்குக்கு 4.60. நாற்பதாயிரத்துக்கு 1,84,000 ரூபாய், சுமார் 2.2 சதவீதம். (துண்டுக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ் என்றால் 20 துண்டுக்கு 400 ரூபாய். நாம் சண்டை போடுவது எப்போதும் இந்த நானூறுக்குத்தான்!)

“சந்தையே இறங்கியது, நாங்கள் என்ன செய்ய” என்றும் சொல்வார்கள். அன்று அந்தப் பங்கு பற்றி எந்தச் செய்தியும் இல்லை. கடைசித் துண்டு முடிந்து 70 நிமிடத்தில் விலை 210.50க்கு ஏறிவிட்டது. விற்பனை நின்றதும் விலை திரும்பி வந்தால், இறக்கியதில் பெரும்பகுதி உங்கள் ஆர்டர்தான். திரும்பாமல் அங்கேயே கிடந்தால் புரோக்கர் சொல்வதில் நியாயம் இருக்கலாம்.

நம் ஆர்டரால் விலையில் எவ்வளவு தாக்கம் வருவது இயல்பு என்பதற்குத் துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு:

```
I ≈ σ × √(Q / V)
```

I என்பது விலைத் தாக்கம், σ என்பது பங்கின் ஒரு நாள் ஏற்ற இறக்கம், Q நம் ஆர்டர், V ஒரு நாள் வால்யூம். இங்கே 2.5 சதவீதம், 40,000, 1,50,000. விடை சுமார் 1.3 சதவீதம். துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள், பங்குக்குப் பங்கு மாறும். ஆனால் 1.3 எதிர்பார்க்கும் இடத்தில் 2.2 போயிருந்தால் கேள்வி கேட்கலாம்.

சரியாகச் செய்திருந்தால்? நம் விற்பனையையும் சேர்த்துச் சந்தையில் நடக்கும் வியாபாரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் நாம் இருக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தால் ஒரு நாளைக்குப் பதினாறாயிரம் சொச்சம் விற்கும், மொத்தம் முடிய மூன்று நாள். இதற்கும் விலை உண்டு: மூன்று நாள் காத்திருக்கும்போது கெட்ட செய்தி வந்தால் மிச்சப் பங்கு நம் தலையில். அன்றே விற்று முடிக்க வேண்டியவர் 25 சதவீதம் வரை போகலாம், தாக்கத்தைத் தெரிந்தே ஏற்க வேண்டும். இந்த முடிவை எடுக்க வேண்டியது பங்கின் சொந்தக்காரர், டீலர் அல்ல. அந்த ஆர்டரில் யாரும் கேட்கவே இல்லை.

மொத்த அளவில் கொஞ்சத்தை மட்டும் காட்டும் ஐஸ்பெர்க் ஆர்டர் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்எஸ்இ தரும் வெளிக்காட்டும் அளவு வசதியில் பங்குச் சந்தைப் பிரிவில் குறைந்தது 10 சதவீதமாவது காட்டியாக வேண்டும். புரோக்கர் செயலியில் உள்ள ஐஸ்பெர்க் பெரும்பாலும் தனித்தனி ஆர்டர்களாகப் போவது. இரண்டுமே அளவை மறைக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தாது.

ஆர்டர் கொடுக்கும் முன் மின்னஞ்சலில் நான்கு விஷயம் வாங்கி வையுங்கள்: சந்தை வியாபாரத்தில் நம் ஆர்டர் அதிகபட்சம் எத்தனை சதவீதம், எந்த விலைக்குக் கீழே நிறுத்த வேண்டும், எந்த நேரத்துக்குள், எந்த விலையோடு ஒப்பிட்டு அறிக்கை. தொலைபேசியில் “பார்த்துச் செய்கிறோம்” என்றதை வைத்துப் பின்னால் ஒன்றும் நிரூபிக்க முடியாது.

நடந்து முடிந்துவிட்டது என்றால் கான்ட்ராக்ட் நோட்டில் ஒவ்வொரு டிரேடின் நேரத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள், பக்கத்தில் அந்த ஐந்து நிமிடத்து மொத்த வால்யூமை எழுதுங்கள். நம் விற்பனை பாதிக்கு மேல் எத்தனை வரிகளில் இருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அந்தத் தாளோடு முதலில் புரோக்கருக்கு எழுத்தில் புகார், பதில் திருப்தி இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளம். அங்கே புகார் பதிவானால் 21 நாளுக்குள் புரோக்கர் பதில் தர வேண்டும். புகாரில் “விலை குறைந்துவிட்டது” என்று எழுதாதீர்கள், அது சந்தை அபாயம் என்று தள்ளிவிடுவார்கள். “விவாப் என்று சொல்லி, வால்யூமைப் பார்க்காமல், சம இடைவெளியில் மார்க்கெட் ஆர்டர் போட்டார்கள்” என்று எழுதுங்கள்.